எந்தச் சொல்லுக்குச் சுழியம்?

"மழை பெய்து விட்டது." மூன்றே சொற்கள். பள்ளியில் இலக்கணம் படித்த யாரும் இதைத் தயங்காமல் பிரித்துவிடுவார்கள்: 'மழை' எழுவாய், 'பெய்து விட்டது' பயனிலை. ஆனால் இந்த விடையில் பயனிலை இரண்டு சொற்களாக இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றுதான் வாக்கியத்தின் தலை, மற்றது அதற்குக் கீழே நிற்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் எதைத் தலை என்பது? என்ன நடந்தது என்பதைச் சொல்வது 'பெய்து'. எப்போது நடந்தது, எழுவாய் எந்தத் திணை, எந்தப் பால் என்பதையெல்லாம் தாங்கி நிற்பது 'விட்டது'.

இப்படிக் கட்டாயப்படுத்தும் இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு மரவங்கி என்று பெயர். ஆங்கிலத்தில் டிரீபேங்க் என்பார்கள். ஒரு மொழியின் வாக்கியங்களை நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ திரட்டி, ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்திருக்கிறது என்று மனிதர்கள் பார்த்துப் பார்த்துக் குறித்து வைக்கும் தொகுப்பு அது. கணினி இலக்கணம் கற்பது இதிலிருந்துதான். மொழிகளை ஒப்பிட்டு ஆராய்பவர்களும் இதில்தான் தேடுகிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும். தமிழுக்கு இந்த முதல் படியே சண்டைக்களம். 'பெய்துவிட்டது' என்று சேர்த்து எழுதினால் அது ஒரு சொல்லா, இரண்டா? பிரிப்பதில்லை என்று முடிவு செய்தால் மேலே எழுந்த கேள்வியே எழாது, பிரித்தால் எழும். பிரித்த பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி வடிவம், சொல்வகை, காலம், வேற்றுமை போன்ற பண்புகளைக் குறிப்பார்கள். கடைசியில் இரண்டு தகவல்கள் வரும்: இந்தச் சொல்லின் தலைச்சொல் எது, அதனோடு இதற்கு என்ன உறவு. பெரும்பாலும் ஒரு நிரல் முதல் வரைவைப் போட்டுக் கொடுக்கும், மனிதர்கள் திருத்துவார்கள். ஒரே வாக்கியத்தை இருவர் தனித்தனியே குறித்து, எங்கே மாறுபடுகிறார்கள் என்று பார்ப்பதும் உண்டு.

இன்று உலகில் பரவலாகப் பயன்படும் முறை யூனிவர்சல் டிபென்டென்சீஸ். சுருக்கமாக யு.டி. 2015 ஜனவரியில் பத்து மொழிகளோடு வெளியான இந்தத் திட்டத்தில் இப்போது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் மரவங்கிகள் உள்ளன. தமிழும் அதில் உண்டு. அதன் கோப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி, வரிக்குப் பத்துப் பத்திகள். தேவையான நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் மழை இப்படி நிற்கும்:

```
1  மழை      2  nsubj
2  பெய்து    0  root
3  விட்டது    2  aux
```

முதல் பத்தி சொல்லின் வரிசை எண். மூன்றாவது பத்தி அதன் தலைச்சொல்லின் எண். 'மழை'யின் தலை இரண்டாம் சொல்லான 'பெய்து', உறவு எழுவாய். 'விட்டது' என்பதும் 'பெய்து'வைச் சார்ந்தது, உறவு துணைவினை. 'பெய்து' எதையும் சாரவில்லை. அதனால் அதற்குச் சுழியம். ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் சுழியம் கிடைக்கும் என்பது விதி. முழு வாக்கியத்தின் தலை அதுவே.

இதே வாக்கியத்தை எஸ்.யு.டி. என்ற இன்னொரு முறையில் குறித்தால்:

```
1  மழை      3  subj
2  பெய்து    3  comp:aux
3  விட்டது    0  root
```

சுழியம் இடம் மாறிவிட்டது. அது மாறியதும் எல்லாமே மாறுகிறது. மூன்றாம் பத்தியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்: மேலே 2, 0, 2, கீழே 3, 3, 0. ஓர் எண்கூட ஒத்துப்போகவில்லை. வாக்கியங்களைப் பகுக்கும் நிரல்களுக்கு மதிப்பெண் போடும்போது, எத்தனை சொற்களுக்குச் சரியான தலையைக் கண்டுபிடித்தன என்றுதான் எண்ணுகிறார்கள். ஒரு நிரல் இந்த வாக்கியத்தை முழுதாகப் புரிந்துகொண்டு இரண்டாவது முறையில் விடை எழுதி, திருத்துபவரின் கையில் முதல் முறை விடைத்தாள் இருந்தால், அதற்குக் கிடைப்பது மூன்றுக்குச் சுழியம். எந்த இலக்கண உண்மையிலும் அது தவறவில்லை. வெவ்வேறு மரவங்கிகளில் பயின்ற நிரல்களின் மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது சிறந்தது, அது மட்டம் என்று சொல்வது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த மூன்று சொற்களே போதும். இதைச் சரிக்கட்ட, துணைச்சொற்களை விட்டுவிட்டுப் பொருள்தரும் சொற்களின் உறவுகளை மட்டும் எண்ணும் அளவுகோல்களும் பிறகு வந்தன.

சார்பிலக்கணத்தின் தந்தை எனப்படும் பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் டெனியேருக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. 1954-இல் அவர் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1959-இல் வெளியான அவருடைய பெருநூல்தான் இந்தத் துறையின் தொடக்கம். வினைச்சொல்தான் வாக்கியத்தின் மையம், எழுவாயும் செயப்படுபொருளும் அதைச் சார்ந்தவையே என்று அவர் வரைந்து காட்டினார். துணைவினையும் முதல்வினையும் சேர்ந்து வந்தால் என்ன செய்தார்? இரண்டையும் ஒரே கரு என்று கொண்டு, சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டார். இலக்கண உருவம் ஒரு சொல்லில், பொருள் இன்னொரு சொல்லில் என்று பிரிந்து கிடக்கும் கரு. தாளில் பேனாவால் வட்டம் போடலாம். ஒரு சொல்லுக்கு ஒரே தலை, வாக்கியத்துக்கு ஒரே சுழியம் என்று கட்டப்பட்ட கோப்பில் வட்டத்துக்கு இடமில்லை. இன்றைய சர்ச்சையின் பெரும்பகுதி இந்த இடமின்மையில் பிறந்தது.

யு.டி. பொருள்தரும் சொல்லையே தலையாகத் தேர்ந்தது. வேற்றுமையுருபு போல வரும் தனிச்சொற்கள், துணைவினைகள், இணைப்புச் சொற்கள் எல்லாம் அதைச் சார்ந்து தொங்கும். காரணம், மொழிகளை ஒப்பிட வேண்டும் என்ற நோக்கம். அதை விளங்கிக்கொள்ள ரஷ்ய மொழியில் ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்ளலாம். "அனா வ்ராச்" என்றால் அவள் மருத்துவர். 'அவள்', 'மருத்துவர்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. வினை எதுவும் இல்லை. தமிழிலும் அப்படித்தான்: "அவள் மருத்துவர்." இரண்டு மொழிகளிலும் சுழியம் 'மருத்துவர்' என்பதற்குத்தான் போக முடியும், வேறு சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் "ஷி இஸ் எ டாக்டர்" என்று 'இஸ்' வந்து நிற்கிறது. 'இஸ்'ஸைத் தலையாக்கினால் ஒரே செய்தியைச் சொல்லும் மூன்று வாக்கியங்களில் ஆங்கிலத்தின் மரம் மட்டும் வேறு வடிவம் கொள்ளும். 'டாக்டர்' தலை, 'இஸ்' அதன் சார்பு என்றால் மூன்றும் ஒரே மரம். அந்தச் சார்புக்கு யு.டி. வைத்த பெயர் `cop`.

மொழிக்கு மொழி மட்டுமா? ஒரே மொழிக்குள்ளும் இந்த வாதம் வலுவாக நிற்கிறது. "அவர் ஆசிரியர்" என்பதில் வினை இல்லை. அதையே இறந்தகாலத்தில் சொன்னால் "அவர் ஆசிரியராக இருந்தார்." ரஷ்ய மொழியிலும் இறந்தகாலம் வந்ததும் 'பிலா' என்ற வினை முளைக்கும், மருத்துவரைக் குறிக்கும் சொல்லும் வேறு வேற்றுமை ஏற்கும். 'இருந்தார்' தலை என்று வைத்தால், காலம் மாறியவுடன் ஆசிரியர் தலைமையிலிருந்து இறங்கிச் சார்பாகிவிடுவார். பொருளில் நடந்தது காலமாற்றம் மட்டும். மரத்தில் நடப்பது தலைகீழ் மாற்றம். யு.டி.யின் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் காட்டித்தான் கேட்கிறார்கள். பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கலாம் என்பது தமிழ் மரபுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் வேற்றுமையியல் எழுவாய் கொள்ளும் முடிபுகளை ஆறாக வகுக்கிறது. பெயர் கொண்டு முடிவது அவற்றில் ஒன்று. வினை இல்லாத வாக்கியத்தைக் குறைபட்ட வாக்கியமாகப் பார்க்கும் பழக்கம் இந்த மரபில் இல்லை.

எதிர்த்தரப்பும் லேசானதல்ல. கிம் கெர்டெஸ், புரூனோ கியோம், சில்வான் கஹான், கி பெரியே என்ற நால்வர் 2018-இல் எஸ்.யு.டி.யை முன்வைத்தார்கள். மறுஆண்டு டிமோதி ஆஸ்பார்னும் கெர்டெஸும் யு.டி.யின் தலைத்தேர்வை நேரடியாக விமர்சித்து விரிவான கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொல்வது இதுதான்: தலை என்பது வாக்கியக் கட்டமைப்பு பற்றிய கேள்வி, பொருள் எந்தச் சொல்லில் அதிகம் என்ற கேள்வி அல்ல. எந்தச் சொல் மற்றதன் உருவத்தைத் தீர்மானிக்கிறது, எந்தச் சொல் அந்தக் கூட்டத்தை வாக்கியத்தின் மற்றப் பகுதியோடு இணைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழில் இதைச் சோதிக்க நீளமான ஒரு வினைத்தொகுதி எடுத்துக்கொள்ளலாம். "அவன் வந்து கொண்டு இருந்திருக்க வேண்டும்." யு.டி. முறையில் 'வந்து' தலை. 'கொண்டு', 'இருந்திருக்க', 'வேண்டும்' மூன்றும் அண்ணன் தம்பிகள் போல 'வந்து'வின் கீழ் ஒரே மட்டத்தில் வரிசையாகத் தொங்கும். ஆனால் இந்தச் சொற்கள் அப்படி ஒரே மட்டத்தில் இல்லை என்பது காதுக்கே தெரியும். 'வேண்டும்' தனக்கு முன் 'இருந்திருக்க' என்ற செயவென் எச்சத்தைக் கேட்கிறது. 'இருந்திருக்கிறான் வேண்டும்' என்று சொல்ல முடியாது. 'கொண்டு' தனக்கு முன் 'வந்து' என்ற செய்தென் எச்சத்தைக் கேட்கிறது. 'வரக் கொண்டு' என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு சொல்லின் உருவத்தையும் அதற்கு அடுத்து வரும் சொல் தீர்மானிக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் இந்தச் சங்கிலி எஸ்.யு.டி. மரத்தில் அப்படியே தெரிகிறது: உச்சியில் 'வேண்டும்', அதன் கீழ் 'இருந்திருக்க', அதன் கீழ் 'கொண்டு', அடியில் 'வந்து'. யு.டி. மரத்தில் அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது. சொற்களின் வரிசையைப் பார்த்து ஊகிக்கலாம், மரத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எஸ்.யு.டி.யின் வாதம் வலுவானது.

ஆங்கிலத்திலிருந்து அவர்கள் காட்டும் இன்னொரு சான்று, விடையில் எது மிஞ்சுகிறது என்பது. "ஹாஸ் ஷி கம்?" என்று கேட்டால் "யெஸ், ஷி ஹாஸ்" என்பார்கள். முதல்வினை மறைந்து, துணைவினை நின்றுவிடுகிறது. தலை போய்ச் சார்பு மட்டும் எப்படி நிற்கும் என்பது அவர்கள் கேள்வி. யு.டி. இதற்குப் பதவி உயர்வு என்று ஒரு வழி வைத்திருக்கிறது: தலை மறைந்தால் அதைச் சார்ந்தவற்றில் ஒன்று தலையின் இடத்துக்கு உயர்த்தப்படும். வழி வேலை செய்கிறது, ஆனால் எஸ்.யு.டி.க்கு அப்படி ஒரு வழியே தேவைப்படவில்லை.

அதே சோதனையைத் தமிழில் செய்தால் விடை பிளவுபடுகிறது. "வந்து விட்டாரா?" என்றால் "வந்துவிட்டார்" என்போம், இல்லை "வந்தார்" என்போம், "விட்டார்" என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. "வர வேண்டுமா?" என்றால் "வேண்டும்" என்பது முழு விடை. "வர முடியுமா?" என்றால் "முடியும்." துணைவினை என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவை இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. எழுவாய்க்கு ஏற்ற விகுதி எந்தச் சொல்லில் வருகிறது என்று பார்த்தாலும் இதே குழப்பம்: 'விட்டது' எழுவாயோடு ஒத்துப்போகிறது, 'வேண்டும்' யார் எழுவாயாக இருந்தாலும் மாறுவதில்லை. விடைச் சோதனையில் 'வேண்டும்' தலை. விகுதிச் சோதனையில் அது எதுவுமே சொல்வதில்லை. 'விடு' நேர்மாறு.

ஆர்னால்ட் ஸ்விக்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் ஆங்கிலத்துக்குச் செய்து காட்டினார். தலைச்சொல்லை அடையாளம் காண மொழியியலில் பயன்படும் அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பலவகைத் தொடர்களில் பொருத்திப் பார்த்தார். எல்லா அளவுகோல்களும் ஒரே சொல்லைச் சுட்டவில்லை. இரண்டாண்டுகள் கழித்து ரிச்சர்ட் ஹட்சன் மறுப்பு எழுதினார்: அளவுகோல்களைச் சரியாகப் புரிந்துகொண்டால் அவை பெரும்பாலும் ஒரே பக்கம், துணைச்சொல்லின் பக்கம், சாய்கின்றன என்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு யு.டி.க்கும் எஸ்.யு.டி.க்கும் இடையே நடப்பது அதே விவாதத்தின் தொடர்ச்சி என்று சொன்னால் மிகையாகாது. தலை என்பது ஒரே பண்பல்ல, பல பண்புகளின் மூட்டை. பெரும்பாலான இடங்களில் மூட்டை முழுதும் ஒரே சொல்லின் தோளில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. துணைவினை வரும் இடத்தில் மூட்டை பிரிந்து இரண்டு தோள்களுக்குப் போகிறது.

துணைநிலை வாக்கியங்களில் 'என்று' வரும்போதும் இதே கதை. "அவன் வருவான் என்று அம்மா சொன்னாள்." 'சொன்னாள்' தலை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அதன் கீழ் வர வேண்டியது 'வருவான்' என்பதா, 'என்று' என்பதா? யு.டி. 'வருவான்' என்பதை நேராக 'சொன்னாள்' கீழ் வைத்து, 'என்று' என்பதை `mark` என்ற உறவோடு 'வருவான்' கீழ் தொங்கவிடும். எஸ்.யு.டி.யில் 'என்று' நடுவில் நின்று, 'வருவான்' அதன் கீழ் போகும். செக் மொழிக்காக பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பிராகு மரவங்கியோ இரண்டையும் கலந்தது: அங்கே முன்னுருபுகளும் இணைப்புச் சொற்களும் தலை, துணைவினை மட்டும் முதல்வினையின் சார்பு, 'ஆசிரியராக இருந்தார்' போன்ற தொடர்களில் 'இருந்தார்' தலை.

இது தமிழைத் தொட்ட இடம் உண்டு. தமிழின் முதல் சார்பு மரவங்கிகளுள் ஒன்றை லோகநாதன் ராமசாமியும் ஸ்டெனெக் ஷாபோக்ர்ட்ஸ்கியும் அதே பல்கலைக்கழகத்தில்தான் உருவாக்கினார்கள். தினமணியின் செய்தி வாக்கியங்கள் 600 அதில் குறிக்கப்பட்டன. குறித்த முறை பிராகு வழியைத் தழுவியது. பிறகு அது யு.டி. வடிவத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெயர்ப்பலகை மாற்றும் வேலை அல்ல. தலையாக இருந்த இணைப்புச் சொல்லையும் 'இரு'வையும் கீழிறக்கி, அதுவரை அவற்றைச் சார்ந்திருந்த எழுவாயையும் அடைகளையும் புதிய தலைக்கு இடம்மாற்ற வேண்டும். எந்த அடை எதற்குப் போகும் என்பது சில இடங்களில் விதியால் முடிவாகும், சில இடங்களில் ஆள் பார்த்தால்தான் முடிவாகும். தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கண நூலில் வரும் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பரமேஸ்வரி கிருஷ்ணமூர்த்தியும் கெங்காதரையர் சர்வேஸ்வரனும் 2021-இல் அறிமுகப்படுத்திய மரவங்கி தொடக்கத்திலிருந்தே யு.டி. முறையில் அமைந்தது. அதில் 534 வாக்கியங்கள்.

குறிப்பவருக்கு மிகப் பெரிய தொல்லை தருவது 'இரு' என்ற எளிய சொல். "வீட்டில் பால் இருக்கிறது" என்பதில் 'இருக்கிறது' முழுவினை, சுழியம் அதற்கே. "அவர் ஆசிரியராக இருந்தார்" என்பதில் யு.டி.யின் போக்குப்படி 'இருந்தார்' துணை என்று கொள்ள இடமுண்டு. "மழை பெய்து இருக்கிறது" என்பதில் ஐயமின்றித் துணைவினை. "அப்பா வீட்டில் இருக்கிறார்" என்பதில்? அப்பாவின் இருப்பிடத்தைச் சொல்லும் 'வீட்டில்' தலையா, 'இருக்கிறார்' தலையா? "ஷி இஸ் இன் தி கார்டன்" என்பதில் தோட்டமே தலை என்பது யு.டி.யின் ஆங்கில வழக்கம், ஏனென்றால் அங்கே 'இஸ்' எல்லா இடத்திலும் வரும் வெறும் இணைப்பு. தமிழில் "அப்பா வீட்டில்" என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். ஆசிரியர் வாக்கியத்தில் நிகழ்காலத்தில் தேவைப்படாத 'இரு' இங்கே தேவைப்படுகிறது. எனவே இது முழுவினை என்று சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் எழுதிவைத்த விதி இல்லாமல் இருவர் குறித்தால் ஒருவர் இப்படியும் மற்றவர் அப்படியும் குறிப்பார்கள், இருவரிடமும் நியாயம் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு மொழியும் தன் துணைவினைகளின் பட்டியலையும் `cop` ஆக வரக்கூடிய சொற்களின் பட்டியலையும் பதிவு செய்ய வேண்டும் என்று யு.டி. கேட்கிறது. பட்டியலில் இல்லாத சொல்லுக்கு அந்த உறவைக் கொடுத்தால் சரிபார்க்கும் நிரல் பிழை என்று காட்டும்.

யு.டி. தன் சொந்த விதியில் தடுக்கி விழுந்த இடமும் உண்டு. "தி பிராப்ளம் இஸ் தட் நோபடி கேம்" என்ற வகை வாக்கியம் அது. 'இஸ்' தலையாகாது என்றால் தலை 'கேம்' என்ற வினைதான். ஆனால் அந்த வினைக்கு ஏற்கெனவே 'நோபடி' என்ற எழுவாய் உண்டு. வாக்கியம் முழுமைக்குமான எழுவாய் 'பிராப்ளம்' என்பதும் அதன் மேலேயே வந்து விழும். ஒரு தலைக்கு இரண்டு எழுவாய்கள். முதலில் இந்த வகைக்கு மட்டும் விலக்களித்து 'இஸ்'ஸையே தலையாக்கினார்கள். விலக்கு வந்ததும் மொழிகளுக்கிடையே ஒரே மரம் என்ற நோக்கம் அங்கே உடைந்தது. பின்னர் விலக்கை நீக்கி, வெளி எழுவாய்க்கு `nsubj:outer` என்ற தனிப்பெயர் கொடுத்து, இரண்டு எழுவாய்களும் ஒரே தலையின் கீழ் நிற்க அனுமதித்தார்கள்.

யு.டி. மரங்களை எஸ்.யு.டி. மரங்களாக மாற்றும் நிரல் கைவசம் இருக்கிறது, யு.டி. மரவங்கிகள் எஸ்.யு.டி. வடிவத்திலும் கிடைக்கின்றன. ஆய்வாளர் தன் கேள்விக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று செய்திகளிலிருந்து திரட்டுபவருக்கு முதலாவது கைகொடுக்கும். சொல்வரிசையையும் எச்ச வடிவங்களையும் ஆராய்பவருக்கு இரண்டாவது. மாற்றம் சிக்குவது குறிப்பவர்களே தடுமாறிய வாக்கியங்களில். "பிரச்சினை என்னவென்றால், யாரும் வரவில்லை" என்பதைத் தமிழில் குறிக்க உட்காருபவர் 'பிரச்சினை'யை எழுவாய் என்பாரா, 'என்னவென்றால்' என்பதை ஒரே சொல்லாக விடுவாரா, 'என்ன', 'என்றால்' என்று பிரிப்பாரா, 'வரவில்லை'யில் 'இல்லை'யைத் தனியே எடுப்பாரா என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் சுழியத்தின் முறை வரும். அதற்குள் ஐந்தாறு கிளைகள் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் வேறு மரம்.